அகலக்கால் வைக்கிறேனாம்! கேடன்ஸ் 156-ஐ 180 ஆக்கினால் முட்டிவலி போகுமா?

காலைப்பனி

எல்லோருக்கும் வணக்கம். கோவை, வயது 38, உயரம் 176 செ.மீ. மூன்று வருடமாக ஓடுகிறேன். வாரத்துக்கு நாற்பது கி.மீ. வரை போகும். வழக்கமான நிதான ஓட்டம் என்றால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம்.

இரண்டு மாதமாக இடது முட்டியின் முன்பக்கம், சில்லுக்குப் பின்னால் மாதிரி ஒரு வலி. ஓடும்போது எட்டாவது கிலோமீட்டர் வாக்கில் ஆரம்பிக்கும். மறுநாள் அலுவலகத்தில் படி இறங்கும்போதுதான் நன்றாகத் தெரியும். வீக்கம் இல்லை, மடக்க நீட்ட முடிகிறது. டாக்டரிடம் காட்டினேன். சவ்வு எதுவும் கிழியவில்லை, கொஞ்சம் குறைத்து ஓடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "நீங்கள் அகலக்கால் வைக்கிறீர்கள் சார், ஓவர்ஸ்ட்ரைடிங். வாட்ச்சில் கேடன்ஸ் எவ்வளவு?" என்றார். 156. "அதுதான் பிரச்சினை, 180-க்குக் கொண்டு வாருங்கள், வலி தானாகப் போய்விடும்" என்றார். ஒரு நாள் முயன்று பார்த்தேன், நெருப்பில் நடப்பவன் மாதிரி இருந்தது. இருநூறு மீட்டர்கூடத் தாங்கவில்லை.

180 என்பது எங்கிருந்து வந்த கணக்கு? ஓவர்ஸ்ட்ரைடிங் இருக்கிறதா இல்லையா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

நெடுந்தூரன்

உங்கள் நண்பர் சொன்னது சரி. 180-தான் இலக்கு. ஒலிம்பிக் வீரர்கள் எல்லோரும் அப்படித்தான் ஓடுகிறார்கள். இன்னொன்றையும் சொல்கிறேன். ஷூவைத் திருப்பிப் பாருங்கள், குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிறதா? தேய்ந்திருந்தால் நீங்கள் குதிகாலில் இறங்குகிறீர்கள், அதுதான் ஓவர்ஸ்ட்ரைடிங். முன்பாதத்தில் இறங்கப் பழகுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும். நான் மூன்று மாரத்தான் அப்படி ஓடியிருக்கிறேன்.

மிதிவண்டி_மணி

கேடன்ஸ் 156 என்பது ரொம்ப அதிகமாயிற்றே? நான் 85-இலிருந்து 90-க்குள் வைத்திருப்பேன். அதற்கு மேல் போனால் தொடை எரியும். கியரை ஒன்று கூட்டிப் பாருங்கள்.

காலைப்பனி

மணி சார், நான் சைக்கிளைச் சொல்லவில்லை, ஓட்டத்தைச் சொல்கிறேன் :)

மிதிவண்டி_மணி

அட, மன்னிக்கவும். தலைப்பில் முட்டிவலி என்று பார்த்ததும் எழுதிவிட்டேன். ஆனால் நானும் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் ஓடுவேன். என் வாட்ச்சில் ஓட்டத்துக்கும் 79, 80 என்றுதான் வருகிறது. அப்படியென்றால் நான் உங்களில் பாதிதானா?

ரேவதி பிசியோ

மணி சார் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. ஓட்டத்தில் கேடன்ஸ் என்றால் ஒரு நிமிடத்தில் இரண்டு காலும் சேர்ந்து எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்பது. சில கருவிகள் ஒரு காலை மட்டும் எண்ணிக் காட்டும். உங்கள் 79 என்பது 158-தான், பயப்பட வேண்டாம். சந்தேகமாக இருந்தால் வாட்ச்சை நம்பாமல் ஓடும்போது வலது கால் விழுவதை முப்பது வினாடி எண்ணுங்கள், நாலால் பெருக்குங்கள். காலைப்பனி எண்ணினால் 39 வரும்.

அடுத்து 180. இந்த எண் ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளரிடமிருந்து வந்தது (ஆமாம், விஸ்கி பெயர்தான், மனிதர் வேறு). 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்து ஓட்டக்காரர்களின் காலடியை எண்ணினார்கள். எண்ணிய நாற்பத்தாறு பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் 180 அல்லது அதற்கு மேல். கணக்கில் தப்பில்லை. ஆனால் அவர்கள் ஒலிம்பிக் பந்தயத்தில், பந்தய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். வேகம் கூடினால் யாருக்கும் கேடன்ஸ் கூடும். அதே வீரர் காலையில் நிதானமாக ஓடினால் எண்ணிக்கை இறங்கிவிடும். கிலோமீட்டருக்கு 3 நிமிடத்தில் ஓடுபவரின் எண்ணை எடுத்து 7 நிமிடத்தில் ஓடுபவருக்கு மாட்டினால், அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட கதைதான்.

உயர்மட்ட ஓட்டக்காரர்களிலேயே இது ஆளுக்கு ஆள் மாறும். 2016-இல் ஸ்பெயினில் நடந்த 100 கி.மீ. உலகப் போட்டியில் முன்னணியில் முடித்த இருபது பேரை அளந்திருக்கிறார்கள். சராசரி 182 வந்தது, 180 கட்சிக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் அந்தச் சராசரிக்குள் 155-இல் ஓடியவரும் இருந்தார், 203-இல் ஓடியவரும் இருந்தார். 155-காரரிடம் போய் "நீங்கள் தப்பாக ஓடுகிறீர்கள்" என்று யார் சொல்வது?

ஆக, 156 என்ற எண்ணை மட்டும் வைத்து உங்களுக்கு ஓவர்ஸ்ட்ரைடிங் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது பாதம் எங்கே விழுகிறது என்பதை. அதுவும் பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது, பக்கவாட்டில்தான் தெரியும்.

நெடுந்தூரன்

அப்படியென்றால் குதிகால் விஷயம்?

ரேவதி பிசியோ

குதிகாலில் இறங்குவதும் ஓவர்ஸ்ட்ரைடிங்கும் ஒன்றல்ல சார். 2004-இல் ஜப்பானின் சப்போரோ அரை மாரத்தானில் 15-வது கிலோமீட்டரில் கேமரா வைத்து முன்னணி ஓட்டக்காரர்களைப் படம் எடுத்தார்கள். நான்கில் மூன்று பேர் குதிகாலில்தான் இறங்கினார்கள். ஷூவின் வெளிக்குதிகால் தேய்வதும் அநேகமாக எல்லோருக்கும் நடப்பதுதான், என் ஷூவும் அப்படித்தான் தேய்கிறது.

குதிகால் தொட்டாலும் பாதம் உடம்புக்குப் பக்கத்தில், முட்டி கொஞ்சம் மடங்கியபடி விழுந்தால் பெரிய பிரச்சினை இல்லை. முட்டி விறைத்து நீண்டு, கணுக்கால் முட்டிக்கு முன்னால் தள்ளி விழுவதுதான் ஓவர்ஸ்ட்ரைடிங். முன்பாதத்தில் இறங்கிக்கொண்டே அதைச் செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பாலே ஆடுவது மாதிரி விரலை நீட்டி முன்னால் வைப்பார்கள்.

தோபாயோ_தமிழன்

நெடுந்தூரன் சொன்னதை அப்படியே செய்தவன் நான். சிங்கப்பூர். போன வருடம் ஒரே வாரத்தில் 160-ஐ 178 ஆக்கினேன், கூடவே குதிகாலை விட்டு முன்பாதத்துக்கு மாறினேன். முட்டிவலி போனது உண்மை. மூன்றாவது வாரம் குதிகாலுக்கு மேலே இருக்கும் அந்த நரம்பு பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் பத்து அடி நொண்ட வேண்டும். ஐந்து மாதம் போயிற்று.

ரேவதி பிசியோ

அது நரம்பு இல்லை, தசைநாண். ஆனால் எல்லோரும் நரம்பு என்றுதான் சொல்கிறோம், இருக்கட்டும். உங்களுக்கு நடந்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். முன்பாதத்துக்கு மாறினால் முட்டியின் சுமை குறையும், ஆனால் அது கெண்டைக்காலுக்கும் அந்தத் தசைநாணுக்கும் போய்ச் சேரும். அதனால்தான் காலடியைச் சற்றுக் குறுக்கச் சொல்லும்போது, பாதம் எப்படித் தொடுகிறது என்பதில் கைவைக்காதீர்கள் என்று சொல்வேன். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றினால் போதும்.

அண்ணாச்சி61

தம்பிகளா, எனக்கு 61 வயது, தூத்துக்குடி. நாற்பது வருடமாக ஓடுகிறேன். வாட்ச் கட்டியதில்லை, கேடன்ஸ் எண்ணியதில்லை. உடம்புக்கு எது தோதோ அதை அதுவே எடுத்துக்கொள்ளும். அதைப்போய்க் குத்திக் குடைந்து மாற்றினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

ரேவதி பிசியோ

அண்ணாச்சி, நீங்கள் சொல்வதில் நிறையவே உண்மை இருக்கிறது. பழகிய ஓட்டக்காரர்களைக் காலடி நீட்டியும் குறுக்கியும் ஓடவைத்து, மூச்சில் எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்று 1982-லேயே அளந்து பார்த்துவிட்டார்கள். அவரவர் தானாக வைக்கும் நீளம்தான் கிட்டத்தட்டச் சிக்கனமான நீளமாக இருந்தது. அதிலிருந்து ரொம்ப விலகினால் செலவு கூடியது. காலைப்பனி 180-இல் இருநூறு மீட்டரில் திணறியதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் சிக்கனமும் முட்டியின் சுமையும் ஒன்றல்ல. மூச்சுக்குத் தோதான நீளம், வலிக்கிற முட்டிக்குத் தோதாக இருக்க வேண்டும் என்று இல்லை. அந்தச் சிக்கன வளைவு நடுவில் தட்டையாக இருக்கும். ஐந்து சதவீதம் அந்தப் பக்கம் நகர்ந்தால் மூச்சு பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது, ஆனால் முட்டிக்கு வித்தியாசம் தெரியும். வலி இல்லாத அண்ணாச்சியிடம் மாற்றச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

காலைப்பனி

சரி, வீடியோ எடுத்துவிட்டேன். மனைவி பக்கவாட்டிலிருந்து ஸ்லோமோஷனில் எடுத்தார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எந்த நொடியில் நிறுத்துவது என்றே தெரியவில்லை. ஒரு படத்தில் காலை நீட்டிக்கொண்டு பறக்கிறேன், இன்னொன்றில் அழகாக நிற்கிறேன்.

ரேவதி பிசியோ

ஷூ தரையைத் தொடும் முதல் படம். அதற்கு முந்தையதும் இல்லை, அடுத்ததும் இல்லை. காற்றில் கால் நீண்டிருப்பது எல்லோருக்கும்தான், அது பின்னால் வந்துகொண்டே தரையைத் தொடும். அந்த ஒரு படத்தில் முட்டியிலிருந்து கணுக்கால் வரை ஒரு கோடு போடுங்கள். கோடு செங்குத்தாக நின்றால் நல்லது. கணுக்கால் முட்டிக்கு முன்னால் போய், கோடு பின்னால் சாய்ந்து, முட்டியும் கிட்டத்தட்ட நேராக இருந்தால் நாம் பேசுவது அதைத்தான்.

எடுப்பதிலும் இரண்டு விஷயம். போனைக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டே எடுத்தால் கோணம் ஏமாற்றும். இடுப்பு உயரத்தில் ஒரு ஸ்டூல் மேல் வைத்து, நீங்கள் அதைக் கடந்து ஓடுங்கள், நேர் எதிரே வரும்போது விழும் காலடியை மட்டும் பாருங்கள். அப்புறம், முதல் சுற்றிலேயே எடுக்கக் கூடாது. கேமரா இருக்கிறது என்றால் எல்லோரும் கொஞ்சம் ஒயிலாகத்தான் ஓடுவோம். மூன்று கி.மீ. ஓடிக் களைத்து, கேமராவை மறந்த பிறகு எடுத்ததுதான் உங்கள் ஓட்டம்.

காலைப்பனி

நீங்கள் சொன்னபடி நாலாவது கி.மீ.யில் எடுத்தேன். முட்டி நேர்க்கோடு மாதிரி இருக்கிறது. கணுக்கால் முட்டிக்கு முன்னால் நன்றாகவே தள்ளி இருக்கிறது. ஷூவின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. குழு நண்பர் பின்னாலிருந்தே எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை!

ரேவதி பிசியோ

சத்தத்தை வைத்துச் சொல்லியிருப்பார். சரி, இப்போது பேசலாம்.

பாதம் இவ்வளவு முன்னால் விழுந்தால் தரை உங்களை மேலே மட்டும் தள்ளாது, பின்னாலும் தள்ளும். ஒவ்வொரு அடியிலும் ஒரு சின்ன பிரேக். பிரேக்கே இல்லாமல் ஓட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வேகத்தில் ஓடும் யாருக்கும் இறங்கும்போது கொஞ்சம் இழப்பு, கிளம்பும்போது அதே அளவு தள்ளல் என்று கணக்கு நேராகும். உலக சாதனைக்காரருக்கும் பாதம் உடம்புக்குச் சற்று முன்னால்தான் விழும். ஆனால் பிரேக் பெரிதானால் அதைத் திருப்பிக் கட்டும் தள்ளலும் பெரிதாக வேண்டும். நடுவில் மாட்டிக்கொள்வது முட்டி. விறைத்த முட்டியோடு இறங்கி, உடம்பு அதைத் தாண்டுவதற்குள் தொடையின் முன்தசை இழுத்துப் பிடித்து அடியை உள்வாங்குகிறது. அப்போது சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துகிறது. உங்களுக்குப் படி இறங்கும்போது வலிக்கிறது இல்லையா? அதே தசை, அதே அழுத்தம்.

இதற்கு "காலை முன்னால் வைக்காதே" என்று சொன்னால் யாருக்கும் வராது. வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் கொஞ்சம் கூட்டினால் காலுக்கு முன்னால் போய் நீள நேரம் கிடைக்காது, தானாகப் பக்கத்தில் விழும். காற்றில் இருக்கும் நேரமும் குறைவதால் உடம்பு அவ்வளவு உயரம் எழாது, இறங்கும் அடியும் மெத்தென்று ஆகும். 2011-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நாற்பத்தைந்து பேரை வைத்து இதை அளந்தார்கள். வேகத்தை மாற்றாமல் எண்ணிக்கையை ஐந்து சதவீதம் கூட்டியதற்கே முட்டி உள்வாங்கிய வேலை ஏறக்குறைய இருபது சதவீதம் குறைந்தது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். 7 நிமிடத்துக்கு ஒரு கி.மீ. என்றால் நிமிடத்துக்குச் சுமார் 143 மீட்டர். 156-ஆல் வகுத்தால் ஒரு காலடி கிட்டத்தட்ட 91½ செ.மீ. ஐந்து சதவீதம் கூட்டினால் 164, காலடி 87 செ.மீ. வித்தியாசம் நாலரை செ.மீ., மூன்று விரல்கடைகூட இல்லை. உங்கள் நண்பர் கேட்ட 180 என்றால் காலடி 79-க்கு வரும், பன்னிரண்டு செ.மீ. போய்விடும். நெருப்பில் நடப்பது மாதிரிதான் இருக்கும்.

வரப்போரம்

ஒரு சந்தேகம். எண்ணிக்கை கூடினால் அடியும் கூடத்தானே விழும்? பத்து கி.மீ.க்கு 156-இல் பத்தாயிரத்துச் சொச்சம் அடி. 164 என்றால் இன்னும் ஐந்நூறு, அறுநூறு அடி அதிகம். முட்டிக்கு இது லாபமா நஷ்டமா?

ரேவதி பிசியோ

நல்ல கேள்வி. 560 அடி அதிகம், சரிதான். தோராயமாகச் சொன்னால் அடிகள் ஐந்து சதவீதம் கூடின, ஒவ்வோர் அடியிலும் முட்டியின் வேலை இருபது சதவீதம் குறைந்தது. பெருக்கிப் பார்த்தால் மொத்தத்தில் 16 சதவீதம் குறைவு. சில்லில் விழும் அழுத்தத்தை மட்டும் எடுத்தால் லாபம் இவ்வளவு பெரிதல்ல. எண்ணிக்கையைப் பத்து சதவீதம் கூட்டியபோது உச்ச அழுத்தம் 14 சதவீதம் குறைந்ததாக அதே பல்கலைக்கழகத்தின் பிந்தைய ஆய்வு. அப்போதும் லாபம்தான், ஆனால் கொஞ்சம்.

காலைப்பனி

நேற்று போனில் மெட்ரோனோம் போட்டு ஓடினேன். 164 வைத்தேன், அது 168-க்கே போய்விட்டது. பிரமாதமாக ஓடினேன் என்று நினைத்தேன். ஆனால் இதயத் துடிப்பு வழக்கமாக 148-இல் நிற்கும், நேற்று 165. முட்டியும் வலித்தது. வேகம் 6:25. காலடி குறுகியும் ஏன் இப்படி?

ரேவதி பிசியோ

குறுகவே இல்லை! 6:25 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 156 மீட்டர். 168-ஆல் வகுத்துப் பாருங்கள், 93 செ.மீ. வருகிறது. முன்பு 91½. நீளம் கூடித்தான் இருக்கிறது. நீங்கள் செய்தது வேக ஓட்டம், அவ்வளவுதான். எண்ணிக்கையை ஏற்றச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் என்னிடம் இதைத்தான் செய்வார்கள். கால் வேகமாகப் போனால் உடம்பும் வேகமாகப் போக வேண்டும் என்று மூளையில் ஒரு பழக்கம்.

பக்கத்தில் ஜிம் இருந்தால் டிரெட்மில்லில் ஆரம்பியுங்கள். 8.6-இல் வைத்துவிட்டால் அது உங்கள் 7 நிமிட வேகம், உங்களால் ஏமாற்ற முடியாது. மெட்ரோனோமை 164-இல் வைத்து ஒரு நிமிடம் ஓடுங்கள், அப்புறம் சத்தத்தை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் அதே தாளத்தில் ஓட முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் டக் டக் என்று வந்தால் எரிச்சலாக இருக்கும். 82-இல் வைத்து இடது கால் விழும்போது மட்டும் ஒலிக்கும்படி செய்தால் பலருக்குச் சுலபம். முதல் வாரம் ஓட்டத்தின் நடுவே பத்து நிமிடம் போதும். கெண்டைக்கால் மறுநாள் கொஞ்சம் இறுகினால் பரவாயில்லை. குதிகாலுக்கு மேலே காலையில் வலித்தால் நிறுத்திவிட்டு, நீங்கள் அறியாமல் முன்பாதத்துக்குப் போயிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

சரியாக வருகிறதா என்று அறிய ஒரே சோதனைதான். எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும், வேகம் ஏறியிருக்கக் கூடாது.

நெடுந்தூரன்

நான் என் பழைய ஓட்டங்களைத் திறந்து பார்த்தேன். நிதான ஓட்டத்தில் 168, மாரத்தானில் 179. நான் எப்போதுமே 180 என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்பாதம் பற்றி நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் 180-ஐ வாபஸ் வாங்குகிறேன்.

குன்னூர்_குளிர்

இறக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் ஊரில் சமதளமே கிடையாது. சமதளத்தில் ஒழுங்காக ஓடுபவர்கூட இறக்கத்தில் காலை முன்னால் ஊன்றி உடம்பைப் பின்னால் சாய்த்துவிடுவார், பயம்தான் காரணம். இறங்கும்போது குட்டிக் குட்டியாக வைத்தால் தொடை தப்பிக்கும். மெட்ரோனோம் எல்லாம் அங்கே உதவாது, வளைவுக்கு வளைவு வேகம் மாறும்.

காலைப்பனி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். டிரெட்மில்லில் மூன்று முறை, அப்புறம் ரோட்டில். முதல் இரண்டு வாரம் கவனம் முழுக்கக் காலில்தான் இருந்தது, கூட ஓடுபவர்கள் பேசினால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது மெட்ரோனோம் இல்லாமலே 162 வருகிறது, வேகம் 7-க்குப் பக்கத்தில், துடிப்பு 150. வீடியோவில் முட்டி கொஞ்சம் மடங்கி இறங்குகிறது. கோடு முழுக்கச் செங்குத்து என்று சொல்ல முடியாது, ஆனால் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால் வேறு ஆள் மாதிரி இருக்கிறது. சத்தமும் குறைந்துவிட்டது. ரோட்டோர நாய்கள் இப்போதெல்லாம் நான் பக்கத்தில் வந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கின்றன.

படி இறங்கும்போது வலி முக்கால்வாசி இல்லை. எட்டு கி.மீ.க்கு மேல் இன்னும் லேசாக உணர்கிறேன்.

அண்ணாச்சி61

சந்தோஷம் தம்பி. ஒன்று கேட்கட்டுமா? இந்த ஐந்து வாரத்தில் வாரத்துக்கு எத்தனை கி.மீ. ஓடினீர்கள்?

காலைப்பனி

25-க்குள்தான் அண்ணாச்சி. டாக்டர் குறைக்கச் சொன்னாரே.

அண்ணாச்சி61

அதைத்தான் கேட்டேன். நாற்பதை இருபத்தைந்து ஆக்கினால் காலடியை நீட்டி வைத்தாலும் வலி குறையும். எதனால் குறைந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

ரேவதி பிசியோ

சொல்ல முடியாது அண்ணாச்சி, ஒத்துக்கொள்கிறேன். முட்டியின் சுமை குறைகிறது என்பதை ஆய்வகத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுமை குறைந்தால் இந்த மனிதரின் வலி குறையுமா, வலி இல்லாதவருக்கு அது வராமல் தடுக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு நான் ஆமாம் என்று சொல்லத் தயாராக இல்லை.

காலைப்பனியைப் பொறுத்தவரை, 162-ஐ விடாமல் வாரத்துக்கு மூன்று நான்கு கி.மீ. மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும். முப்பத்தைந்தைத் தொடும்போது முட்டி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வலி திரும்பினால் எண்ணிக்கையை இன்னும் ஏற்றுவதற்கு முன் தொடைக்கும் இடுப்புக்கும் பலம் போதுமா என்றுதான் நான் பார்ப்பேன்.

வரப்போரம்

ஓர் ஐயம். காலைப்பனி சார் தன் படத்தை இங்கே போட்டிருந்தாரே, பழையது புதியது இரண்டையும் பார்த்தேன். இரண்டிலும் கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது வலது கால்தான். வலி இடது முட்டி என்றல்லவா முதலில் எழுதியிருந்தார்?

காலைப்பனி

அட ஆமாம்! பாதையை எப்போதும் ஒரே திசையில் சுற்றுவேன், ஸ்டூல் வலது பக்கத்து மரத்தடியில்தான் இருக்கும். நாளைக்குத் திரும்பி ஓடி எடுக்கிறேன்.

ரேவதி பிசியோ

நானும் கவனிக்கவில்லை, வரப்போரம் கண்ணுக்கு நன்றி. இரண்டு காலும் ஒரே மாதிரி விழும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, வலி இருக்கும் பக்கம் சிலருக்கு வேறு மாதிரிதான் விழும். அதே வேகம், அதே நாலாவது கி.மீ., மெட்ரோனோம் இல்லாமல் எடுங்கள்.